நாலு பலகை, நாற்பது துளை

அம்பத்தூரிலோ ஆவடியிலோ வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பத் தலைவி யாரையாவது கேட்டுப் பாருங்கள். வீடு மாற்றும்போது எதைக் கண்டு அதிகம் பயம் என்று. பாத்திரம் பண்டங்களைச் சொல்லமாட்டார். குளிர்பதனப் பெட்டியைக்கூடச் சொல்லமாட்டார். "அந்த அலமாரிதான்!" என்பார். ஆசாரி வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து, ஆணி அடித்து, பசை ஊற்றிச் செய்து கொடுத்துவிட்டுப் போன அலமாரி அது. உள்ளே பிறந்த பிள்ளைக்கு வெளியே போகும் வழி தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லையே! மாடிப்படியின் திருப்பத்தில் அது சிக்கிக்கொள்ளும். நாலு பேர் மூச்சு வாங்குவார்கள். கடைசியில் சுவரிலே ஒரு கீறல், அலமாரியிலே ஒரு மூளி.

பலகை பலகையாகப் பிரித்து, பாய் சுருட்டுவதுபோலக் கட்டி எடுத்துப் போக முடிந்தால்? முடியும் என்பது உங்களுக்கும் தெரியும். 1956-ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து ஐக்கியா கம்பெனியில் கில்லிஸ் லுண்ட்கிரென் என்ற வடிவமைப்பாளர், ஒரு மேஜை காருக்குள் நுழைய மறுத்ததால் அதன் கால்களைக் கழற்றிக் கீழே வைத்து எடுத்துப் போனாராம். கழற்றி மாட்டும் சாமான்களை அந்தக் கம்பெனி உலகமெங்கும் விற்க ஆரம்பித்த கதையை இங்கிருந்துதான் தொடங்குவார்கள். 2018-ல் அது ஹைதராபாத்துக்கும் வந்து இந்தியாவில் முதல் கடையைத் திறந்தது. ஆனால் நாம் இப்போது பார்க்கப் போவது கடையில் வாங்குவதை அல்ல; அத்தகைய அலமாரி ஒன்றை நாமே திட்டமிடுவதை. பலகையை அளவுக்கு அறுத்துத் தருபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மினிஃபிக்ஸ் என்று கேட்டால் ஹார்டுவேர் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். இவை இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு காகிதம் தேவை. எந்த இடத்தில், எவ்வளவு அகலத்தில், எவ்வளவு ஆழத்தில் துளை போட வேண்டும் என்று சொல்லும் காகிதம். அலமாரியின் தலையெழுத்து அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

நத்தையும் முளையும்

மினிஃபிக்ஸ் என்று எல்லாரும் சொல்வது உண்மையில் ஒரு கம்பெனியின் வியாபாரப் பெயர். 'கேம் லாக்' என்பது பொதுப் பெயர். அதில் இரண்டு உறுப்புகள். ஒன்று, தலை பெருத்துக் கழுத்து சிறுத்த ஒரு திருகாணி. இது நிற்கும் பலகையில் ஏறிக்கொள்ளும். மற்றொன்று, பழைய ஐந்து பைசாவைவிடச் சிறிய ஒரு துத்தநாகக் கலவை உருளை. இது படுக்கைப் பலகையில் வெட்டிய வட்டக் குழிக்குள் உட்காரும். உருளையின் வயிற்றில் ஒரு பிளவு உண்டு. பிளவின் விளிம்பு நத்தை ஓட்டைப்போல மெல்ல மெல்ல உள்நோக்கிச் சுழன்றிருக்கும். திருகாணியின் தலையைப் பிளவுக்குள் விட்டு, உருளையை ஸ்க்ரூ டிரைவரால் சுமார் அரைச் சுற்றுத் திருப்பினால், அந்த நத்தைச் சுழி தலையைப் பிடித்துத் தன்பக்கம் இழுக்கும். பலகையும் பலகையும் முத்தமிட்டாற்போல ஒட்டிக்கொள்ளும்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கேம் லாக் இழுக்கும். ஆனால் இடம் காட்டாது. திருகாணியின் தலை நுழையும் துளை 8 மில்லிமீட்டர் அகலம். தலை அதைவிடச் சிறியது. ஆகவே பலகை அப்படி இப்படி அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கேம் கண்டுகொள்ளாமல் அந்தக் கோணல் நிலையிலேயே இறுக்கிவிடும். பலகையைச் சரியான இடத்தில் நிறுத்துவதும், மேலே ஏற்றிய பாரத்தைத் தாங்குவதும் மரமுளையின் வேலை. கடையில் டவல் என்பார்கள். 8 மில்லிமீட்டர் கனம், 30 மில்லிமீட்டர் நீளம், உடம்பெல்லாம் கோடு வரித்த சின்ன மரக்கட்டை. கேம் மட்டும் போட்டு, "முளை எதற்கு, வீண் செலவு" என்று விட்டுவிட்ட அலமாரிகளைப் பார்த்தால் தெரியும். புத்தகம் அடுக்கிய சில மாதங்களில் தட்டு ஒரு பக்கம் இறங்கியிருக்கும்.

898 என்ற விசித்திர எண்

இனி அலமாரிக்கு வருவோம். 18 மில்லிமீட்டர் பார்ட்டிக்கிள் பலகை, இருபுறமும் லாமினேட் ஒட்டியது. ஏறக்குறைய மூன்றடி உயரம், இரண்டடி அகலம், ஒன்றேகாலடி ஆழம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நிற்கும் பலகைகள். அவற்றுக்கு நடுவே மேலே ஒன்று, கீழே ஒன்று படுக்கைப் பலகைகள். கீழ்ப் பலகையைத் தரையிலிருந்து 80 மில்லிமீட்டர் தூக்கி வைப்போம். வீடு துடைக்கிற ஈரம் அதை அண்டக் கூடாது அல்லவா?

உயரத்தை 900 என்று வைத்துவிடலாமே என்று கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். அலமாரித் தொழிலில் உலகம் முழுவதும் ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. துளைகளுக்கு நடுவே 32 மில்லிமீட்டர் இடைவெளி. முன் விளிம்பிலிருந்து முதல் வரிசை 37 மில்லிமீட்டர் உள்ளே. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஜெர்மனியில் வளர்ந்த முறை இது. ஒரே அழுத்தில் பல துளை போடும் இயந்திரத்தில் டிரில் தண்டுகளின் பற்சக்கரங்களை 32-ஐவிட நெருக்கமாக வைக்க முடியவில்லை, அதனால்தான் இந்த எண் என்று தொழிலில் சொல்வார்கள். கதவுக் கீலின் தகடும் இந்த 37-க்கும் 32-க்கும் ஏற்றபடிதான் வருகிறது. நாமும் ஊரோடு ஒத்துப் போவோம்.

கீழ்ப் பலகையின் அடிமுகம் 80-ல் இருக்கிறது. பலகை 18 கனம். ஆகவே அதன் நடுக்கோடு 89-ல் விழும். அங்கிருந்து 25 தடவை 32 என்றால் 800. மேல் பலகையின் நடுக்கோடு 889. அதன் மேல் பாதி 9. கூட்டினால் 898! இதுதான் நம் உயரம். ஆழத்தையும் இப்படியே பாருங்கள். முன்னே 37, பின்னே 37, நடுவில் பத்து தடவை 32 என்றால் 320. மொத்தம் 394. கடையில் விற்கும் அலமாரிகளின் அளவு ஏன் எப்போதும் ஒழுங்கற்ற எண்களாக இருக்கிறது என்று நீங்கள் யோசித்திருந்தால், பதில் இதுதான். அகலத்துக்கு இந்தச் சட்டம் இல்லை. வெளியே 600 வேண்டும் என்றால், இரண்டு பக்கப் பலகைகளின் கனம் 36 போக, படுக்கைப் பலகை 564.

எதற்காக இத்தனை கணக்கு? இரண்டு லாபங்கள் இருக்கின்றன. திருகாணிக்கும் 5 மில்லிமீட்டர் துளை. நடுத்தட்டைத் தாங்கும் குச்சிக்கும் 5 மில்லிமீட்டர் துளை. இரண்டும் ஒரே வரிசையில் விழுவதால் ஒரே அச்சு போதும். மற்றொரு லாபம் இன்னும் பெரியது. அதைச் சொல்லுவதற்கு முன் துளைகளைப் போட்டுவிடுவோம்.

காகிதத்தில் எழுதுவது

பக்கப் பலகையின் உள்முகம் உங்களைப் பார்க்கும்படி வரைந்துகொள்ளுங்கள். முன் விளிம்பும் அடி விளிம்பும் சேரும் மூலைக்கு ஒரு பெரிய புள்ளி வையுங்கள். இனி எல்லா அளவும் இந்த மூலையிலிருந்துதான். 89 உயரத்தில் நாலு துளை: முன் விளிம்பிலிருந்து 37, 69, 325, 357. ஓரத்து இரண்டும் திருகாணிக்கு, 5 அகலம், சுமார் 11 ஆழம். உள்ளே உள்ள இரண்டும் முளைக்கு, 8 அகலம், 12 ஆழம். அதே நாலு துளை 889 உயரத்திலும். நடுத்தட்டுக்கு வேண்டுமானால் 37-லும் 357-லும், 409 உயரத்திலிருந்து 32, 32 ஆக ஐந்தாறு துளை.

படுக்கைப் பலகைக்கு ஒரு படம். அதன் அறுத்த முனையில், அடிமுகத்திலிருந்து 9 உயரத்தில், அதே 37, 69, 325, 357-ல் நாலு துளை. எல்லாமே 8 அகலம். முளைத் துளை 20 ஆழம். பக்கப் பலகையில் 12, இங்கே 20. கூட்டினால் 32, முளையோ 30. மீதி 2 மில்லிமீட்டர் பசைக்கும் தூசிக்கும். இதை விடாமல் கணக்காகப் போட்டால், முளை அடியில் முட்டிக்கொண்டு பலகை சேரவே சேராது. பிறகு அடிமுகத்தில், 37-க்கும் 357-க்கும் நேராக, முனையிலிருந்து 34 உள்ளே, 15 அகலத்தில் கேம் குழி. ஆழம் சுமார் 14. பெட்டியோடு வரும் தாளில் கம்பெனிக்காரன் கொடுத்திருக்கும் ஆழத்தையே வையுங்கள். திருகாணியின் துளை முனையிலிருந்து இந்தக் குழிவரை போய்த் திறந்துகொள்ள வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு, படுக்கைக்குப் பன்னிரண்டாக இருபத்து நாலு. தட்டுக் குச்சியை விட்டுவிட்டால் சரியாக நாற்பது துளை. கேம் எட்டு, திருகாணி எட்டு, முளை எட்டு.

இப்போது அந்தப் பெரிய லாபம். நாம் போட்ட எண்களை முன்னிருந்தும் பின்னிருந்தும் படித்துப் பாருங்கள். முன்னே 37, 69. பின்னேயும் 37, 69. ஆகவே இடது பக்கப் பலகையை அப்படியே திருப்பி நிறுத்தினால் அதுவே வலது பக்கப் பலகை! மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் கேம் அடிமுகத்தில்தான். ஆகவே அவை இரண்டும் ஒன்று. நாலு பலகைக்கு இரண்டே படம். துளைக் கூடத்தில் அதிகம் பாழாவது, இடது பலகையின் படத்தைப் பார்த்து வலது பலகையில் துளை போடுவதால்தான். கண்ணாடிப் பிம்பம்போல மாற்றிப் போட வேண்டியதை அப்படியே போட்டுவிடுவார்கள். வெளிமுகத்தில் எட்டுத் துளை, பலகை குப்பைக்கு. நம் காகிதத்தில் அந்தத் தவறு நடக்க இடமே இல்லை.

ஒரு நிபந்தனை. இரண்டு பக்கமும் சமம் என்றால் முழுக்கச் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்படி வித்தியாசமாக இருக்க வேண்டும். முன்னே 37, பின்னே 39 என்பது போன்ற நடுவாந்திரம்தான் ஆபத்து. திருப்பி மாட்டினாலும் மாட்டிக்கொள்ளும், ஆனால் விளிம்பு சேராது. இந்த 2 மில்லிமீட்டர் எங்கிருந்து வரும் என்கிறீர்களா? விளிம்புப் பட்டையிலிருந்து. முன் விளிம்பில் 2 மில்லிமீட்டர் பட்டை ஒட்டுவதற்கு முன்பே துளை போட்டால், 37 என்பது மறுநாள் 39 ஆகிவிடும். ஆகவே பலகையை 390 ஆழத்துக்கு அறுத்து, முன்னும் பின்னும் பட்டை ஒட்டி 394 ஆக்கி, அதன் பிறகே துளை. காகிதத்தின் தலைப்பில் "அளவு எல்லாம் பட்டை ஒட்டிய பின்" என்று எழுதி அடியில் கோடு போடுங்கள். பக்கப் பலகையின் அடி விளிம்புக்கும் பட்டை உண்டு. அதையும் சேர்த்துத்தான் 898.

அளவு நழுவும் இடங்கள்

எல்லா அளவும் ஒரே மூலையிலிருந்து என்றேனே, அது அழகுக்காக அல்ல. முதல் துளையிலிருந்து 32 வைத்து இரண்டாவது, அதிலிருந்து 32 வைத்து மூன்றாவது என்று போகிறவருக்கு, ஒவ்வொரு தடவையும் பென்சில் முனை கால் மில்லிமீட்டர்கூட வேண்டாம், 0.2 நகர்ந்தாலும் போதும். இருபத்தைந்தாவது துளையில் 5 மில்லிமீட்டர். மேல் பலகை ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். ஒரே மூலையிலிருந்து டேப்பை நீட்டினால் எந்தத் துளையிலும் தவறு அந்த 0.2 தான், கூடிக்கொண்டே போகாது. பத்து அலமாரி செய்யப் போகிறவர் அளக்கவே கூடாது. இரும்புப் பட்டையில் துளை போட்ட அச்சு ஒன்று செய்து வைத்துக்கொள்ள வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது ஒரு பிரமாதமா? நல்ல லேத் பட்டறைக்காரருக்கு மேலே சொன்ன காகிதமே போதும்.

அடுத்த வம்பு பலகையின் கனம். 18 என்று பில்லில் இருக்கும், அளந்தால் 17.6 இருக்கலாம். "நடுவில் துளை போடு" என்று எழுதினால், ஒருவர் 9-ல் போடுவார், மற்றவர் 8.8-ல் போடுவார். ஆகவேதான் "நடு" என்ற சொல்லே நம் காகிதத்தில் இல்லை. கேம் இருக்கும் அடிமுகத்திலிருந்து 9, அவ்வளவுதான். கனம் குறைந்தால் மேல் பலகை பக்கப் பலகையைவிட ஒரு மயிரிழை தாழ்ந்திருக்கும். விரலால் தடவினால்தான் தெரியும். கேம் மட்டும் சரியாகப் பிடிக்கும்.

குழியின் ஆழத்தில் கவனம் வேண்டும். 18-ல் 14 போனால் மிச்சம் 4. கூர் முனை நீண்ட சாதாரண டிரில் பிட்டால் இந்தக் குழியைப் போட்டால், முனை மறுபக்கத்து லாமினேட்டைத் தள்ளிக் கொப்புளம் கிளப்பிவிடும். தட்டை முகமுள்ள 15 மில்லிமீட்டர் பிட்டை வாங்குங்கள். அதன் கழுத்தில் ஒரு நிறுத்து வளையத்தை மாட்டுங்கள். வளையம் இல்லையென்றால் ஒரு துண்டு டேப்பைச் சுற்றுங்கள்.

அந்த 34-ம் முக்கியம். கடையில் 24 நீளத் திருகாணியும் உண்டு, 34 நீளத் திருகாணியும் உண்டு. பார்வைக்கு அண்ணன் தம்பி. ஒரே பொட்டலத்தில் இரண்டும் கலந்து வந்துவிட்டால் வீட்டுக்கு வந்துதான் தெரியும். கேமைத் திருப்பினால் அது எதையும் பிடிக்காமல் வெறுமனே சுழலும். நீளம் சரியாக இருந்தும் சுழல்கிறது என்றால், குழி முனையிலிருந்து தள்ளிப் போய்விட்டது, அல்லது திருகாணி கழுத்துவரை ஏறவில்லை. மாறாக, கால் சுற்றிலேயே கேம் கல்லாக நின்றுவிட்டால் பலம் காட்டாதீர்கள். துத்தநாகக் கலவை உடைந்துவிடும். கழற்றிப் பாருங்கள்; முளை அடியில் முட்டியிருக்கும், அல்லது துளை செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருக்கும். இந்த நோவெல்லாம் வேண்டாம் என்றால், நாலு பலகையைத் தொடுவதற்கு முன் இரண்டு துண்டுப் பலகையில் ஒரே ஒரு மூட்டைப் போட்டுப் பாருங்கள். கத்தி நுழையாத அளவுக்குச் சேர்ந்தால் அந்த அளவுகளோடு மேலே போகலாம்.

நிறுத்துவதும் பிரிப்பதும்

ஒரு பக்கப் பலகையை உள்முகம் மேலே தெரியத் தரையில் படுக்க வையுங்கள். நாலு திருகாணியையும் கழுத்து பலகையைத் தொடும்வரை ஏற்றுங்கள். தொட்டபின் மேலும் திருகினால் பார்ட்டிக்கிள் பலகைக்குள் மறை அழிந்துவிடும். படுக்கைப் பலகைகளின் முனையில் முளைகளைப் பசை வைத்து அடியுங்கள். பக்கப் பலகையின் துளையில் பசை கூடாது! பிற்பாடு பிரிக்க வேண்டாமா? கேமில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது பலகையின் முனையைப் பார்க்கும்படி குழியில் வைத்து, பலகையைத் திருகாணிமேல் இறக்கி, வலப்புறமாகத் திருப்புங்கள். இரண்டும் நின்றதும் மற்றப் பக்கப் பலகையை மேலே கவிழ்த்து அதே வேலை.

முதுகுப் பலகை, 6 மில்லிமீட்டர் பிளைவுட், கடைசியில். அதைச் சும்மா தூசி மறைக்கும் திரை என்று நினைக்கவேண்டாம். கேமும் முளையும் சேர்ந்தாலும் அலமாரி பக்கவாட்டில் ஆடும். ஆட்டத்தை நிறுத்துவது முதுகுதான். திருகு போடுவதற்கு முன் டேப்பை எடுத்து மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். 600 அகலத்துக்கும் 898 உயரத்துக்கும் குறுக்களவு அதிர்ஷ்டவசமாக முழு எண்ணாகவே வருகிறது: 1080. இரண்டு குறுக்கும் 1080 காட்டினால் அலமாரி சதுரம். ஒன்று 1083, மற்றது 1077 என்றால், நீண்ட குறுக்கின் மூலைகளைப் பிடித்து மெல்ல அழுத்திச் சமமாக்கி, அதன் பிறகு முதுகைத் திருகுங்கள்.

இத்தனைக்கும் பிறகு இதற்கும் சில எல்லைகள் உண்டு. பார்ட்டிக்கிள் பலகை மரத்தூளும் பசையும் சேர்ந்தது. தண்ணீரில் நின்றால் ஊதும். காய்ந்தபின் பழைய கனத்துக்கு வராது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறந்து சென்னையே மிதந்தபோது வீட்டுக்குள் வெள்ளம் கண்டவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் தாழ்வான தெருவில் தரைத்தளத்தில் இருப்பவர்கள், பக்கப் பலகைகளை மட்டுமாவது தண்ணீர் தாங்கும் பிளைவுட்டில் போடுவது நல்லது. துளைக் காகிதம் மாறாது. கனம் மட்டும் 18 தானா என்று அளந்துகொள்ளுங்கள். அகலத்தை 600-லிருந்து 900-க்கு இழுக்க ஆசைப்படவேண்டாம். பாடப் புத்தகம் அடுக்கினால் தட்டு நடுவில் தொங்கும்.

வீடு மாற்றும் நாளில் முதலில் முதுகைக் கழற்றுங்கள். திருகுகளை ஒரு துணிப்பையில் கட்டி முதுகுப் பலகையிலேயே ஒட்டிவிடுங்கள். கேம்களை இடப்புறமாகத் திருப்பி, படுக்கைப் பலகைகளை நேராக இழுங்கள். ஆட்டி ஆட்டி இழுத்தால் முளை ஒடியும். திருகாணிகளைப் பக்கப் பலகையிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். பார்ட்டிக்கிள் பலகையில் ஒவ்வொரு தடவை கழற்றி ஏற்றும்போதும் அதன் பிடிப்பு தளரும். அவற்றின் தலை ஒன்றரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கப் பலகைகளுக்கும் நடுவே ஒரு பழைய போர்வையை மடித்து வைத்துக் கட்டினால் லாமினேட்டில் கீறல் விழாது.